மோட்டாரும் கெய்சரும் ஆட்டோமேட்டிக் ஆனதும் ஆர்.சி.சி.பி. ஏன் விழுகிறது?

வீட்டில் தண்ணீர் மோட்டாருக்கு லெவல் கண்ட்ரோலர் போட்டாயிற்று. கெய்சருக்கு டைமரோ வைஃபை ரிலேயோ போட்டாயிற்று. அன்றிலிருந்து விடியற்காலையில் மோட்டார் ஓட ஆரம்பித்ததும் டி.பி. பாக்ஸில் ஆர்.சி.சி.பி. 'டக்'கென்று விழுந்துவிடுகிறது. நம் ஊரில் இதைப் பெரும்பாலோர் இன்னும் இ.எல்.சி.பி. என்றுதான் சொல்கிறார்கள். உண்மையில் அது பழைய வகைக் கருவியின் பெயர். இப்போது கடையில் கிடைப்பது ஆர்.சி.சி.பி.தான், அதனால் இங்கே அந்தப் பெயரையே வைத்துக்கொள்கிறேன்.

இந்த நிலையில் எல்லோரும் சொல்லும் தீர்ப்பு, "மோட்டார் போயிடுச்சு, மேலே தூக்கணும்" என்பது. போர்வெல் மோட்டாரைத் தூக்கினால் ஒரு நாளும் நல்ல செலவும் போகும். தூக்கிப் பார்த்தால் மோட்டாரில் ஒன்றும் இருக்காது, இறக்கி மாட்டியதும் மறுபடி விழும். எது ஓடும்போது பிரேக்கர் விழுகிறதோ அதில்தான் பழுது இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இது புரிந்துவிட்டால் பாதித் தேடல் மிச்சம்.

முதலில், அது என்ன பார்க்கிறது?

ஆர்.சி.சி.பி. எர்த் ஒயரைப் பார்ப்பதே இல்லை. ஃபேஸ் வழியாக உள்ளே போன கரன்ட் முழுவதும் நியூட்ரல் வழியாகத் திரும்பி வருகிறதா என்று மட்டும்தான் பார்க்கிறது. 7 ஆம்பியர் போய் 7 ஆம்பியர் திரும்பினால் அதற்குப் பிரச்சினை இல்லை. போனதற்கும் வந்ததற்கும் வித்தியாசம் ஏற்பட்டால் விழும். அந்த மிச்சம் மனித உடம்பு வழியாகப் போனதா, ஈரச் சுவர் வழியாகப் போனதா, வேறொரு நியூட்ரல் வழியாகத் திரும்பிவிட்டதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

வீடுகளில் மாட்டுவது 30 மில்லி ஆம்பியர் வகை. அதன் மேல் அச்சிட்டிருக்கும் 40 ஆம்பியர் என்பது அது தாங்கும் லோடு, விழும் அளவு அல்ல. லோடு கூடினால் விழுவது எம்.சி.பி.யின் வேலை. இன்னொன்று, 30 என்று போட்டிருந்தாலும் சரியாக 30-ல்தான் விழும் என்று அர்த்தமில்லை. 15 வரை விழக்கூடாது, 30 வந்தால் கண்டிப்பாக விழ வேண்டும் என்பதே தரவிதி. இடையில் 18-ல் விழுந்தாலும் 25-ல் விழுந்தாலும் கருவி நல்ல கருவிதான்.

எனவே முதல் படி, விழுந்தது எது என்று பார்ப்பது. எம்.சி.பி. விழுந்திருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கானது அல்ல. அது ஓவர்லோடோ ஷார்ட்டோதான். ஆர்.சி.சி.பி. மட்டும் விழுந்திருந்தால் மேலே படியுங்கள். எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் சேர்ந்த ஆர்.சி.பி.ஓ. என்றால் இரண்டு காரணமும் சாத்தியம்.

விழும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவதற்கு முன் ஒரு வாரம் நேரத்தை மட்டும் எழுதி வையுங்கள். எப்போது விழுந்தது, அப்போது எது ஓடிக்கொண்டிருந்தது, எது பிளக்கில் சும்மா இருந்தது, மழை பெய்ததா? ஆட்டோமேட்டிக் சர்க்யூட்டில் இது இன்னும் அவசியம். ஏனென்றால் ரிலே அடித்தபோது யாரும் பக்கத்தில் இருப்பதில்லை.

மோட்டார் ஸ்டார்ட் ஆகும் அந்தக் கணத்தில் மட்டும் விழுகிறது, ஸ்டார்ட் ஆகிவிட்டால் தொடர்ந்து ஓடுகிறது என்றால் அது ஒரு கதை. கெய்சர் போட்டுச் சில நிமிடம் கழித்து விழுகிறது என்றால் வேறு கதை, தண்ணீரைச் சூடாக்கும் காயில் பக்கம் சந்தேகம். தொட்டி நிரம்பும் நேரத்தில் மட்டும் விழுகிறதா? அப்படியானால் ஃப்ளோட் சுவிட்சின் கேபிளைப் பாருங்கள். பல வீடுகளில் அந்தக் கேபிளிலேயே 230 வோல்ட் ஓடுகிறது. அதில் ஒரு சின்ன ஓட்டை இருந்து, தண்ணீர் அதுவரை ஏறினால் கசிவு தொடங்கிவிடும். மழை நாளில் மட்டும் என்றால் மொட்டை மாடி ஜங்ஷன் பாக்ஸ்.

நியூட்ரல் மாறிப் போனால்

புதிதாக ஆட்டோமேஷன் பொருத்திய அன்றே தொல்லை தொடங்கியிருந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது வயரிங்கை. பொருள்களை அப்புறம் பார்க்கலாம்.

ரிலே போர்டு பவர் கட்டிலும் வேலை செய்ய வேண்டும் என்று அதற்கு இன்வெர்ட்டர் ஃபேஸைக் கொடுத்திருப்பார்கள். அந்த ரிலே கான்டாக்டர் என்ற பெரிய சுவிட்சை இழுக்கும், கான்டாக்டர் மோட்டாரை ஓட்டும். கான்டாக்டரை இழுக்கும் காயிலுக்கு ஃபேஸ் இன்வெர்ட்டர் பக்கமிருந்து வரும். நியூட்ரலை மட்டும் கைக்கு எட்டிய மோட்டார் நியூட்ரலிலிருந்து எடுத்திருப்பார்கள். இன்வெர்ட்டருக்கான லைன் ஆர்.சி.சி.பி.க்கு முன்னாலிருந்து எடுத்ததாக இருந்தால், காயிலின் கரன்ட் ஆர்.சி.சி.பி.யைத் தொடாமல் போய், அதன் வழியாகத் திரும்பி வருகிறது.

காயில் எவ்வளவு எடுத்துவிடப் போகிறது என்று நினைக்கலாம். சின்ன கான்டாக்டர் ஒன்று இழுத்துப் பிடித்திருக்கும் நிலையில் சுமார் 8 வோல்ட்-ஆம்பியர் எடுக்கும். 8-ஐ 230-ஆல் வகுத்தால் 35 மில்லி ஆம்பியர். இழுக்கும் கணத்தில் அதைப் போலப் பல மடங்கு. 30 மில்லி ஆம்பியர் பிரேக்கரை விழவைக்க இதுவே போதும். மோட்டார் ஓட ஆரம்பிக்கும் அதே நொடியில் இது நடப்பதால் பழி மோட்டார் மேல் விழுகிறது.

இதைப் பிரித்தறிய எளிய வழி உண்டு. மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு, கான்டாக்டரிலிருந்து மோட்டாருக்குப் போகும் ஒயர்களை மட்டும் கழற்றி, முனைகளை இன்சுலேட் செய்துவிட்டு, மறுபடி கரன்ட் கொடுத்து ரிலேயை அடிக்க விடுங்கள். கான்டாக்டர் வெறுமனே இழுக்கும்போதே பிரேக்கர் விழுந்தால் மோட்டாருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒரே சர்க்யூட்டின் ஃபேஸும் நியூட்ரலும் ஒரே ஆர்.சி.சி.பி. வழியாகத்தான் போய்வர வேண்டும். டி.பி.யில் இரண்டு ஆர்.சி.சி.பி. இருந்தால் இரண்டு தனி நியூட்ரல் லிங்க் இருக்க வேண்டும். ஒரே லிங்க்கில் எல்லா நியூட்ரலையும் முறுக்கி வைத்திருந்தால் அங்கேயே நிறுத்தி அதைச் சரி செய்யுங்கள்.

இதன் இன்னொரு வடிவம் சுவிட்ச் பாக்ஸில் நடக்கும். பழைய வீடுகளில் சுவிட்ச் பாக்ஸுக்கு நியூட்ரல் வந்திருக்காது. ஸ்மார்ட் மாட்யூலுக்கோ நியூட்ரல் வேண்டும். பக்கத்தில் பிளக் பாயின்ட்டின் எர்த் இருக்கிறதே என்று அதில் மாட்டிவிடுவார்கள். மாட்யூல் வேலையும் செய்யும். ஒன்று இரண்டு வரை பிரேக்கர் பொறுத்துக்கொள்ளும். நாலாவதோ ஐந்தாவதோ மாட்டும்போது விழ ஆரம்பிக்கும். விழுவது ஒரு பக்கம் இருக்கட்டும், எர்த் ஒயரில் எப்போதும் கரன்ட் ஓடவிடுவதே தப்பு. எர்த் எங்காவது அறுந்தால், அந்த எர்த்தில் சேர்ந்திருக்கும் எல்லா உலோக உடம்புக்கும் மாட்யூல் வழியாக ஃபேஸ் வந்துவிடும்.

பழுது கெய்சரில், விழவைப்பது மோட்டார்

இதுதான் ஆட்களை அதிகம் அலையவைக்கும் விஷயம், கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். 2 கிலோவாட் கெய்சர், சிங்கிள் போல் ரிலே. 1 எச்.பி. சப்மெர்சிபிள் மோட்டார், லெவல் கண்ட்ரோலர். கோடைக்காலம், கெய்சரை யாரும் தொடவில்லை, ஆனால் பிளக் மட்டும் மாட்டியபடி இருக்கிறது. போர்வெல் உப்புத் தண்ணீரில் கெய்சர் காயிலின் மேல் குழாய் அரித்து, உள்ளே இருக்கும் கம்பி குழாயோடு கசிய ஆரம்பித்துவிட்டது. குழாய் எர்த்தில் இருக்கிறது.

ரிலே ஆஃப்தானே, கெய்சரில் கரன்டே இல்லையே என்று தோன்றும். சிங்கிள் போல் ரிலே ஃபேஸை மட்டும்தான் வெட்டுகிறது. நியூட்ரல் இன்னும் காயிலில் இணைந்தே இருக்கிறது. ஆக, கசிந்த காயில் வழியாக ஆர்.சி.சி.பி.க்குப் பின்னாலிருக்கும் நியூட்ரலும் வீட்டு எர்த்தும் கைகோத்துவிட்டன.

நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே எப்போதும் சின்ன வோல்டேஜ் வித்தியாசம் இருக்கும். அதிகக் கரன்ட் ஓடும்போது சர்வீஸ் ஒயரின் நியூட்ரலில் வோல்டேஜ் டிராப் கூடும், இந்த வித்தியாசமும் கூடும். கணக்குக்காக, சும்மா இருக்கும்போது அது 0.8 வோல்ட் என்றும், கசிவும் எர்த் குழியும் சேர்ந்த மொத்தத் தடை 100 ஓம் என்றும் வையுங்கள். அப்போது எர்த்துக்கு ஒதுங்குவது 8 மில்லி ஆம்பியர். பிரேக்கர் அசையாது.

இப்போது லெவல் கண்ட்ரோலர் மோட்டாரைப் போடுகிறது. 1 எச்.பி. மோட்டார் ஓடும்போது 7 ஆம்பியர் என்றால் ஸ்டார்ட்டிங்கில் 25 ஆம்பியர் வரை எளிதாக எடுக்கும். சர்வீஸ் நியூட்ரலின் தடை 0.3 ஓம் என்றால் 25 ஆம்பியருக்கு 7.5 வோல்ட். அதை 100 ஓமால் வகுத்தால் 75 மில்லி ஆம்பியர். அந்த ஒரு நொடியில் ஆர்.சி.சி.பி. விழுந்துவிடும். மோட்டாரில் ஒரு சொட்டுக் கசிவுகூட இல்லை.

இதிலிருந்து இன்னும் இரண்டு விசித்திரங்கள் விளங்கும். மோட்டாரை இந்த ஆர்.சி.சி.பி.யிலிருந்தே விலக்கி வேறு இடத்திலிருந்து லைன் கொடுத்தாலும் விழக்கூடும், ஏனென்றால் சர்வீஸ் நியூட்ரல் பொதுவானது. சாயங்காலம் தெருவில் எல்லோரும் லோடு போடும் நேரத்தில் நம் வீட்டில் ஒன்றும் ஓடாமலே விழுவதற்கும் இதே காரணம் இருக்கலாம்.

சோதிப்பது ரொம்ப எளிது. ரிலேயை ஆஃப் செய்வது போதாது, கெய்சர் பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து உருவி எடுங்கள். அப்புறம் மோட்டாரைப் போடுங்கள். பிளக் இருந்தால் விழுகிறது, உருவினால் விழவில்லை என்றால் விஷயம் முடிந்தது. காயிலின் நடுப்பகுதியில் கசிவு என்றால் கெய்சரை ஆன் செய்த உடனே தானாகவே விழும். அதையும் ஒருமுறை பார்த்து உறுதி செய்யலாம். உருவி எடுத்த பிளக்கின் நியூட்ரல் முள்ளுக்கும் எர்த் முள்ளுக்கும் நடுவே மல்டிமீட்டரை ஓம் நிலையில் வையுங்கள். நல்ல கெய்சரில் மீட்டர் ஒன்றும் காட்டாது. சில நூறு ஓமோ சில ஆயிரம் ஓமோ காட்டினால் காயில் போய்விட்டது.

மல்டிமீட்டர் பொய் சொல்லும் இடம்

மேலே சொன்னது நியூட்ரல் பக்கக் கசிவு. குறைந்த தடை என்பதால் மல்டிமீட்டரில் தெரிந்தது. ஃபேஸ் பக்கக் கசிவுக்கு அவ்வளவு வேண்டாம். 230 வோல்ட்டை 30 மில்லி ஆம்பியரால் வகுத்தால் கிட்டத்தட்ட 7,700 ஓம். அந்த அளவு தடை இருந்தாலே விழுந்துவிடும். பல நேரம் இன்சுலேஷன் 9 வோல்ட் பேட்டரி மீட்டருக்கு நல்ல பிள்ளை மாதிரி நிற்கும், 230 வோல்ட் வந்ததும் விட்டுக்கொடுக்கும். அதற்குத்தான் 500 வோல்ட் கொடுத்து இன்சுலேஷனைச் சோதிக்கும் மெகர். எலக்ட்ரீஷியனிடம் மெகர் இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

மெகர் போடும் முன் ரிலே போர்டு, லெவல் கண்ட்ரோலர், ஸ்மார்ட் மாட்யூல் எல்லாவற்றையும் கழற்றியாக வேண்டும். 500 வோல்ட்டை அவை தாங்காது. மோட்டாருக்கு என்றால் பேனலில் மூன்று கேபிள் முனைகளையும் கழற்றி ஒன்றாகப் பிடித்து, அவற்றுக்கும் எர்த்துக்கும் நடுவே சோதிக்க வேண்டும். கேபிளோடு சேர்த்துப் பல மெகாஓம் வந்தால் மோட்டார் நலம். 1 மெகாஓமுக்குக் கீழே இறங்கியிருந்தால் கவனிக்க வேண்டும், சில ஆயிரம் ஓம் என்றால் தூக்கத்தான் வேண்டும். தூக்கினாலும் முதலில் பார்க்க வேண்டியது மோட்டாருக்கு மேலே உள்ள கேபிள் ஜாயின்ட்டை. டேப் சுற்றிய இடத்தில் தண்ணீர் இறங்கியிருப்பதுதான் வைண்டிங் பழுதைவிட அடிக்கடி காண்பது.

கெய்சர் காயிலில் இன்னொரு வகை உண்டு. காயில் கம்பியைச் சுற்றி மக்னீசியம் ஆக்சைடு பொடி நிரப்பியிருக்கும். அது ஈரத்தை உறிஞ்சும். மாதக்கணக்கில் சும்மா கிடந்த கெய்சரை மழைக்காலத்தில் முதல்முறை போடும்போது ஈரம் காரணமாகவே கசிந்து விழும். காயில் உடைந்திருக்காது. சிலர் ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி நேராகக் கரன்ட் கொடுத்து அரை மணி நேரம் சூடேற்றி உலரவைப்பார்கள். வேலை செய்யும்தான். ஆனால் அந்த அரை மணி நேரம் அந்த வீட்டுக் குழாயைத் தொடுபவருக்குப் பாதுகாப்பே இல்லை. கழற்றி வெளியே உலர்த்தி மெகர் பார்த்து மாட்டட்டும், அல்லது புதுக் காயில் போடட்டும்.

எல்லாம் நல்லது, ஆனாலும் விழுகிறது

ஒவ்வொன்றாகச் சோதித்தால் எதிலும் பழுதில்லை, எல்லாம் சேர்ந்தால் விழுகிறது என்பதும் நிஜமாக நடப்பதுதான். கம்ப்யூட்டர், வாஷிங் மெஷின் போன்றவற்றின் உள்ளே இருக்கும் ஃபில்டர் ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு மில்லி ஆம்பியரை எர்த்துக்கு விடுவது வழக்கம். நல்ல கெய்சருக்கே ஒரு கிலோவாட்டுக்கு முக்கால் மில்லி ஆம்பியர் வரை தரவிதி அனுமதிக்கிறது. ஆழ்துளைக் கிணற்றின் நீளக் கேபிளும் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். இப்படி 12, 13 மில்லி ஆம்பியர் நிரந்தரமாக ஓடிக்கொண்டிருந்தால், கான்டாக்டர் அடிக்கும்போது வரும் சின்ன உதறலே மீதியைத் தள்ளிவிடும்.

இதை அளக்க லீக்கேஜ் கிளாம்ப் மீட்டர் வேண்டும். சாதாரணக் கிளாம்ப் மீட்டர் மில்லி ஆம்பியர் அளவில் நம்பும்படி காட்டாது. ஆர்.சி.சி.பி.யிலிருந்து வெளியே வரும் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து ஒரே கிளாம்புக்குள் விடுங்கள். அது காட்டுவதுதான் எர்த்துக்குப் போகும் மொத்தம். 30 மில்லி ஆம்பியர் பிரேக்கரில் வழக்கமான கசிவு 9-ஐத் தாண்டாமல் வைத்துக்கொள்வது நல்லது. தாண்டினால் தீர்வு பெரிய பிரேக்கர் இல்லை. 100 அல்லது 300 மில்லி ஆம்பியர் பிரேக்கர் தீயைத் தடுக்க உதவும், குளியலறையில் ஷாக் அடிப்பவரைக் காப்பாற்றாது. லோடுகளைப் பிரிப்பதுதான் வழி.

சரி செய்யும்போது எப்படி அமைப்பது

மோட்டாருக்கு ஒரு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.பி.ஓ., கெய்சருக்கு ஒன்று, ஆட்டோமேஷன் போர்டுக்கும் வைஃபைக்கும் தனியாக ஒன்று. மோட்டார் கேபிள் ஈரத்தில் விழுந்தாலும் கண்ட்ரோலர் உயிரோடு இருக்கும், போனுக்குத் தகவலாவது வரும். ஆர்.சி.பி.ஓ. இரண்டு போலையும் வெட்டும் வகையா என்று கேட்டு வாங்குங்கள், ஃபேஸை மட்டும் வெட்டுவதும் விற்கிறது. கெய்சருக்கும் மோட்டாருக்கும் சிங்கிள் போல் ரிலேக்குப் பதில் டபுள் போல் கான்டாக்டர் போட்டால், ஆஃப் ஆன பொருள் மேலே பார்த்த மாதிரி அடுத்த லோடை மாட்டிவிடாது. ஃப்ளோட் சுவிட்சுக்கு 12 வோல்ட் வகை.

மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் வைத்த பம்ப் என்றால் இன்னொரு சிக்கல். அதன் கசிவு வெறும் ஏ.சி.யாக இருக்காது. ஏ.சி. வகை ஆர்.சி.சி.பி. காரணமில்லாமல் விழலாம், அதைவிட மோசமாக, விழ வேண்டிய நேரத்தில் விழாமலும் இருக்கலாம். டிரைவ் கையேட்டில் எந்த வகை என்று போட்டிருக்கும், அதையே வாங்குங்கள்.

தானாகவே மறுபடி ஆன் ஆகும் பிரேக்கர்களும் கிடைக்கின்றன. ஆளில்லாத நேரத்தில் ஓடும் மோட்டார், கெய்சர் இரண்டுக்கும் அதை நான் போடச் சொல்லமாட்டேன். எதனால் விழுந்தது என்று பார்க்காமல் திரும்பத் திரும்ப ஈரமான கேபிளுக்குக் கரன்ட் கொடுப்பது அது.

வேலை முடிந்ததும் எலக்ட்ரீஷியனை அனுப்பும் முன், கெய்சரையும் மோட்டாரையும் சேர்த்து ஓடவிட்டு லீக்கேஜ் கிளாம்ப் எவ்வளவு காட்டுகிறது என்று டி.பி. மூடியின் உள்பக்கம் தேதியோடு எழுதிவைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பிரேக்கரின் டெஸ்ட் பட்டனையும் அழுத்தி விழுகிறதா என்று பாருங்கள். ஒரு வருடம் கழித்து மறுபடி விழ ஆரம்பித்தால், அந்த எண் 4-லிருந்து 11 ஆகியிருக்கிறதா, அல்லது அப்படியே இருக்கிறதா என்பதை வைத்தே பழுது கசிவிலா நியூட்ரலிலா என்று தேடத் தொடங்கலாம்.